3.3 வோல்ட்டில் மாஸ்ஃபெட் முழுதாகத் திறக்குமா?

கேள்வி: "ESP32 போர்டை வைத்து 12 வோல்ட் 0.5 ஆம்ப் ஃபேன் ஒன்றை ஓட்டப் பார்க்கிறேன். IRF520 மாட்யூல் போட்டிருக்கிறேன். ஃபேன் மெதுவாகச் சுற்றுகிறது, மாஸ்ஃபெட் தொட முடியாத அளவு சுடுகிறது. திரெஷோல்ட் 2 முதல் 4 வோல்ட் என்று டேட்டாஷீட்டில் இருக்கிறதே, 3.3 வோல்ட் போதாதா? கேட் ரெசிஸ்டர் 10 ஓம், 220 ஓம், 1 கே, 10 கே என்று ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். எதைப் போடுவது?"

போதாது. அதற்குக் காரணம் நீங்கள் படித்த அந்த வரியிலேயே இருக்கிறது, ஆனால் பலரும் அதைப் பாதியோடு நிறுத்திவிடுகிறார்கள். IRF520 டேட்டாஷீட்டில் VGS(th) 2 முதல் 4 வோல்ட் என்ற வரிக்குப் பக்கத்தில், அதை எந்த நிலையில் அளந்தார்கள் என்பதும் அச்சாகியிருக்கும்: ID = 250 µA. அதாவது டிரெயின் வழியாக கால் மில்லிஆம்ப் ஓடத் தொடங்கும்போது கேட்டில் எத்தனை வோல்ட் இருந்தது என்பதுதான் அந்த எண். உங்கள் ஃபேனுக்கு வேண்டியது 500 மில்லிஆம்ப், அதைவிட 2000 மடங்கு. கடை ஷட்டரை ஒரு விரல் உயரம் தூக்கினால் வெளிச்சம் வரும், ஆள் நுழைய முடியாது. திரெஷோல்ட் அந்த ஒரு விரல் உயரம்தான்.

இன்னொன்று, 2 முதல் 4 வோல்ட் என்பது நீங்கள் தேர்ந்தெடுத்துக்கொள்ளும் இடைவெளி இல்லை. கடையில் கொடுக்கும் பீஸ் அந்த எல்லைக்குள் எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம் என்று அர்த்தம். 2.2 வோல்ட் பீஸ் ஒருவருக்குக் கிடைத்தால் அவர் "எனக்கு ESP32-ல் நன்றாக ஓடுகிறதே" என்பார். 3.6 வோல்ட் பீஸ் கிடைத்தவருக்கு ஃபேன் அசையவே அசையாது. இணையத்தில் இந்த மாட்யூலைப் பற்றி நடக்கும் பாதிச் சண்டை இதனால்தான். இரண்டு பேர் சொல்வதும் உண்மை, இருவரும் வேறு வேறு பீஸைப் பற்றிப் பேசுகிறார்கள். உங்களுடையது நடுவில் மாட்டிக்கொண்ட பீஸ், அதனால்தான் மெதுவாகச் சுற்றுகிறது.

அந்த நடுநிலைதான் மூன்றிலும் மோசமானது. ஃபேனுக்கு 8 வோல்ட் போய், மீதி 4 வோல்ட் மாஸ்ஃபெட்டில் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். 8 வோல்ட்டில் உங்கள் ஃபேன் ஏறக்குறைய 0.33 ஆம்ப் இழுக்கும். 4 வோல்ட்டை 0.33 ஆம்பால் பெருக்கினால் 1.3 வாட். ஹீட்சிங்க் இல்லாத TO-220 உறைக்கு டேட்டாஷீட் தரும் கணக்கு, ஒரு வாட்டுக்கு 62 டிகிரி வரை சூடு ஏறும் என்பது. எனவே அறை வெப்பத்துக்கு மேல் 80 டிகிரி ஏறும். அறை 32 டிகிரி என்றால் உள்ளே 110-ஐத் தாண்டிவிடும். விரல் வைத்தால் பொறுக்காதது இதனால்தான். இதே மாஸ்ஃபெட்டின் கேட்டுக்கு 10 வோல்ட் கொடுத்தால் அதன் மின்தடை அதிகபட்சம் 0.27 ஓம், அப்போது 0.5 ஆம்பில் வீணாவது 0.07 வாட் மட்டுமே, தொட்டால் சூடே தெரியாது.

உங்கள் சிக்கல் இதுதானா என்று உறுதிசெய்ய இரண்டு வழி உண்டு. ஃபேனை முழு வேகத்தில் வையுங்கள், அதாவது பி.டபிள்யூ.எம் எதுவும் இல்லாமல் பின்னை HIGH ஆக விட்டுவிடுங்கள். மல்டிமீட்டரை டி.சி வோல்ட்டில் வைத்து, கறுப்பு முனையை சோர்ஸிலும் சிவப்பு முனையை டிரெயினிலும் வையுங்கள். முழுதாகத் திறந்த மாஸ்ஃபெட்டில் இங்கே சில பத்து மில்லிவோல்ட்தான் காட்டும், IRF520 போன்ற பழைய வகையில் 0.13 வோல்ட் வரை போகலாம். ஒரு வோல்ட், மூன்று வோல்ட் என்று காட்டினால் அது பாதிதான் திறந்திருக்கிறது. இரண்டாவது வழிக்கு மீட்டரே வேண்டாம். ஆன் செய்தவுடன் மெதுவாகச் சுற்றும் ஃபேன், ஓரிரு நிமிடம் கழித்துத் தானாக வேகம் எடுக்கிறதா என்று கவனியுங்கள். சூடு ஏற ஏற திரெஷோல்ட் டிகிரிக்குச் சில மில்லிவோல்ட் என்று இறங்கும். 80 டிகிரி ஏறினால் அந்த இறக்கம் அரை வோல்ட்டை நெருங்கிவிடும். ஆக அதே 3.3 வோல்ட்டுக்கு மாஸ்ஃபெட் இன்னும் கொஞ்சம் திறந்துகொள்ளும். ஃபேன் வேகம் கூடியதைப் பார்த்து "சரியாகிவிட்டது" என்று விட்டுவிடுபவர்கள் உண்டு. சரியாகவில்லை, வெந்துகொண்டிருக்கிறது.

சரி, எதை வாங்குவது? டேட்டாஷீட்டில் திரெஷோல்ட் வரியை விட்டுவிட்டு, திறந்த நிலையில் உள்ள மின்தடையைச் சொல்லும் RDS(on) வரிக்குப் போங்கள். அங்கே பக்கத்தில் VGS = எவ்வளவு என்று போட்டிருக்கிறது என்பதை மட்டும் பாருங்கள். 10 வோல்ட் மட்டும் இருந்தால் அது மைக்ரோகன்ட்ரோலர் நேரடியாக ஓட்டும் மாஸ்ஃபெட் இல்லை. 4.5 வோல்ட் இருந்தால் 5 வோல்ட் அர்டுயினோவுக்கு ஆகும். 2.5 வோல்ட் வரியும் இருந்தால் 3.3 வோல்ட் போர்டுகளுக்கு நிம்மதியாகப் போடலாம். லாஜிக்-லெவல் என்று விற்பனைப் பக்கத்தில் எழுதியிருப்பதை நம்ப வேண்டாம். பெரும்பாலும் அது 5 வோல்ட் லாஜிக்கை மனதில் வைத்து எழுதியது. தயாரித்தவர் எந்த வோல்ட்டில் அளந்து எழுதிக் கொடுத்திருக்கிறாரோ, அந்த வோல்ட்டுக்குத்தான் அவர் பொறுப்பு.

IRLZ44N இந்த இடத்தில் அடிக்கடி பரிந்துரைக்கப்படும். நல்ல பீஸ்தான். திரெஷோல்ட் 1 முதல் 2 வோல்ட். RDS(on) 5 வோல்ட்டில் 25 மில்லிஓம், 4 வோல்ட்டில் 35 மில்லிஓம். அதற்குக் கீழே வரி கிடையாது. 3.3 வோல்ட்டில் அரை ஆம்ப் ஃபேனை ஓட்டுமா என்றால், ஓட்டும். மோசமான பீஸுக்கும் திரெஷோல்டுக்கு மேல் 1.3 வோல்ட் மிச்சம் இருக்கிறது, இவ்வளவு பெரிய சிப்புக்கு அரை ஆம்ப் ஒன்றுமில்லை. ஆனால் மின்தடை இவ்வளவுதான் இருக்கும் என்று 3.3 வோல்ட்டுக்கு யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. கையில் ஏற்கெனவே இருந்தால் போடுங்கள், டிரெயின்-சோர்ஸ் வோல்ட்டை அளந்து பார்த்துவிடுங்கள். புதிதாக வாங்குவதாக இருந்தால் நான் AO3400A-தான் சொல்வேன். 30 வோல்ட் தாங்கும், 2.5 வோல்ட் கேட்டிலேயே அதிகபட்சம் 48 மில்லிஓம். உங்கள் 0.5 ஆம்பில் அதன் மேல் 24 மில்லிவோல்ட்தான் நிற்கும், வீணாவது 12 மில்லிவாட். அரிசி அளவு SOT-23 உறையில் வருவதால் பிரெட்போர்டில் செருக முடியாது, சின்ன அடாப்டர் போர்டில் சால்டர் செய்துகொள்ள வேண்டும். கேட்டுக்கு 12 வோல்ட்டுக்கு மேல் தாங்காது என்பதையும் நினைவில் வையுங்கள், IRF520-க்கு அந்த எல்லை 20.

இப்போது கேட் ரெசிஸ்டர். மாஸ்ஃபெட்டின் கேட் டி.சி-க்குக் கரண்டே எடுக்காது, அதனால் ரெசிஸ்டர் எதற்கு என்று தோன்றும். எடுக்காதது உண்மைதான், ஆனால் ஆன், ஆஃப் ஆகும் அந்தக் கணத்தில் கேட் ஒரு கெப்பாசிட்டர். அதை நிரப்பவும் காலி செய்யவும் கரண்ட் வேண்டும், அது பின்னிலிருந்துதான் வர வேண்டும். ரெசிஸ்டர் இல்லாவிட்டால் பின்னால் எவ்வளவு முடியுமோ அவ்வளவும் ஒரு கணம் பாயும். ESP32 பின்னுக்கு 40 மில்லிஆம்ப் என்று ஓர் எல்லை இருக்கிறது. நேரடியாக இணைத்து வருடக்கணக்கில் ஓடும் போர்டுகளும் இருக்கின்றன, ஏனென்றால் பின்னுக்குள்ளேயே கொஞ்சம் மின்தடை இருக்கிறது, பாயும் நேரமும் மிகக் குறைவு. ஆக, ரெசிஸ்டர் இல்லாவிட்டால் பின் போய்விடும் என்று நான் சொல்ல மாட்டேன். எல்லைக்குள் வைப்பது நல்லது என்று மட்டும் சொல்வேன். 220 ஓம் போட்டால் 3.3-ஐ 220-ஆல் வகுத்து 15 மில்லிஆம்ப், 100 ஓம் போட்டால் 33. இரண்டும் எல்லைக்குள். 10 ஓம் என்பது ஆம்ப் கணக்கில் தள்ளக்கூடிய தனி கேட் டிரைவர் ஐ.சி-க்குப் பக்கத்தில் போடும் மதிப்பு, மைக்ரோகன்ட்ரோலர் பின்னுக்கு அதில் பயன் இல்லை.

மேல் எல்லை எது என்பதில்தான் குழப்பம். அது எவ்வளவு வேகமாக ஆன்-ஆஃப் செய்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. கேட் நிரம்பும்போது நடுவில் ஓரிடத்தில் வோல்ட் ஏறாமல் நின்றுவிடும், மில்லர் பிளாட்டோ என்பார்கள். டிரெயின் 12 வோல்ட்டிலிருந்து பூஜ்யத்துக்கு இறங்குவது அந்த நேரத்தில்தான், மாஸ்ஃபெட் சூடாவதும் அந்த நேரத்தில்தான். AO3400A-வில் இந்த இடம் சுமார் 1.7 வோல்ட் என்றும், அங்கே நிரப்ப வேண்டிய சார்ஜ் சுமார் 2 நானோகூலும் என்றும் வைத்துக்கொள்வோம். 220 ஓம் வழியே அந்த நேரத்தில் போவது மீதமுள்ள 1.6 வோல்ட்டுக்கான 7 மில்லிஆம்ப். 2 நானோகூலும் நிரம்ப 0.28 மைக்ரோசெகண்ட் ஆகும். அணையும்போதும் ஏறத்தாழ அவ்வளவே. ஆக ஒரு சுற்றுக்கு அரை மைக்ரோசெகண்டுக்குச் சற்று மேல்.

இதை 25 கிலோஹெர்ட்ஸ் பி.டபிள்யூ.எம்மில் போட்டுப் பாருங்கள். ஒரு சுற்று 40 மைக்ரோசெகண்ட். மாறும் நேரத்தில் மாஸ்ஃபெட்டில் சராசரியாக 12 வோல்ட், 0.5 ஆம்பின் பாதி, அதாவது 3 வாட் இருக்கும் என்பது தோராயக் கணக்கு. 220 ஓமில் இது மொத்தமாக 0.04 வாட், கவலையே இல்லை. 1 கே போட்டால் நேரம் நாலரை மடங்காகி 0.19 வாட், இந்தச் சின்ன உறைக்கு 20 டிகிரிக்கு மேல் சூடு, ஆனாலும் பிழைத்துக்கொள்ளும். 10 கே போட்டால் 40-ல் 25 மைக்ரோசெகண்ட் மாறுவதிலேயே போய், 1.9 வாட் ஆகிவிடும். AO3400A-வின் எல்லையே 1.4 வாட், எனவே அது போய்விடும். அதே 10 கே, ஒரு நாளைக்கு நாலு தடவை ஆன்-ஆஃப் மட்டும் செய்யும் ஃபேனில் எந்தப் பிரச்சினையும் தராது. உங்களுக்கு ஆளுக்கு ஒன்று சொன்னவர்கள் எல்லாரும் தங்கள் சர்க்யூட்டுக்குச் சரியாகத்தான் சொல்லியிருப்பார்கள், அதிர்வெண்ணைச் சொல்ல மறந்திருப்பார்கள். உங்களுக்கு 220 ஓம். இருப்பு இல்லையென்றால் 100-லிருந்து 470 வரை எது கிடைத்தாலும் போடுங்கள், வித்தியாசம் தெரியாது.

பெரிய மாஸ்ஃபெட்டுக்கு இந்தக் கணக்கு மாறும் என்பதைச் சொல்லியாக வேண்டும். IRLZ44N-ல் இதே சார்ஜ் டேட்டாஷீட்டில் அதிகபட்சம் 25 நானோகூலும். அதோடு திரெஷோல்ட் 2 வோல்ட்டை ஒட்டிய பீஸாக இருந்தால், பிளாட்டோவுக்கு மேல் மிச்சம் இருக்கும் வோல்ட்டும் குறையும், நிரப்பும் கரண்டும் குறையும். ஆன்-ஆஃபுக்குச் சரியாக இருந்த அதே பீஸ் 25 கிலோஹெர்ட்ஸில் சுடுவதைப் பார்த்து மாஸ்ஃபெட் டூப்ளிகேட் என்று கடைக்காரரிடம் போகாதீர்கள். 47 ஆம்ப் தாங்கும் பீஸை அரை ஆம்ப் ஃபேனுக்குப் போடுவதில் கிடைக்கும் ஒரே பலன், நிரப்பக் கடினமான ஒரு பெரிய கேட்.

கேட்டிலிருந்து தரைக்கு ஒரு 10 கே கட்டாயம் வையுங்கள். ESP32 விழித்துக்கொள்ளும் வரை பின் யார் கையிலும் இல்லை, கேட் மிதக்கும், மிதக்கும் கேட் பாதி திறந்து சூடாகும். இந்த 10 கே-வை எந்தப் பக்கம் வைப்பது என்பதில் ஒரு சின்ன நுணுக்கம் உண்டு. கேட் ரெசிஸ்டருக்கு அப்புறம், கேட் பக்கம் வைத்தால் இரண்டும் சேர்ந்து வோல்ட்டைப் பங்கிடும். 220 ஓம் என்றால் இழப்பு 0.07 வோல்ட், போகட்டும். 1 கே என்றால் 3.3 என்பது 3.0 ஆகிவிடும். ஏற்கெனவே இழுபறியில் இருக்கும் மாஸ்ஃபெட்டுக்கு அந்த 0.3 வோல்ட் பெரிய விஷயம். பின் பக்கம் வைத்துவிட்டால் இந்த இழப்பே இல்லை. பின் தேர்விலும் கவனம் வேண்டும். GPIO 0, 2, 5, 12, 15 ஆகியவற்றை பூட் ஆகும்போது சிப் தன் தேவைக்குப் படித்துப் பார்க்கும். 34 முதல் 39 வரை வெளியீடே கிடையாது. GPIO 25, 26, 27-ல் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஃபேன் முனைகளுக்குக் குறுக்கே ஒரு டயோடு, கோடு போட்ட முனை பிளஸ் 12 பக்கம். ஆன்-ஆஃப் மட்டும் என்றால் 1N4007 போதும். பி.டபிள்யூ.எம் என்றால் அது அணைய நேரம் எடுக்கும் டயோடு, 1N5819 போடுங்கள். பிரஷ்லெஸ் ஃபேன்களில் உள்ளேயே எலெக்ட்ரானிக்ஸ் இருப்பதால் பிரஷ் மோட்டாரைப் போல உதை பலமாக இருக்காது என்பது உண்மைதான். எந்த ஃபேனில் எவ்வளவு வரும் என்பதை வெளியே இருந்து சொல்ல முடியாது என்பதும் உண்மை. சில ரூபாய் விஷயம், போட்டுவிடுங்கள். உங்கள் மாட்யூலில் ஏற்கெனவே இருக்கிறதா என்று பாருங்கள், பலவற்றில் இருக்காது. அப்புறம், 12 வோல்ட் அடாப்டரின் மைனஸும் ESP32-வின் GND-யும் சேர்ந்திருக்க வேண்டும். சேரவில்லையென்றால் நீங்கள் கொடுக்கும் 3.3 வோல்ட் எதற்கு எதிராக 3.3 என்பது மாஸ்ஃபெட்டுக்குத் தெரியாது. புதிய மாஸ்ஃபெட் போட்டபின் பின்னை LOW ஆக்கினாலும் ஃபேன் நிற்காமல் முழு வேகத்தில் ஓடினால், டிரெயினும் சோர்ஸும் இடம் மாறியிருக்கும். உள்ளே இருக்கும் டயோடு வழியாகக் கரண்ட் ஓடிக்கொண்டிருக்கும்.

வேறு மாஸ்ஃபெட் வாங்க வழியில்லை, இந்த IRF520-ஐயே வைத்து ஓட்ட வேண்டும் என்றால் கேட்டுக்கு 12 வோல்ட் கொடுக்க வேண்டும். இதற்கு மாட்யூலை விட்டு வெறும் மாஸ்ஃபெட்டில் செய்வது சுலபம், மாட்யூலில் ஏற்கெனவே உள்ள ரெசிஸ்டரும் எல்.இ.டி-யும் குறுக்கே வரும். கேட்டிலிருந்து பிளஸ் 12-க்கு ஒரு 1 கே, கேட்டிலிருந்து தரைக்கு ஒரு BC547, அதன் பேஸுக்கு ESP32-விலிருந்து 4.7 கே. லாஜிக் தலைகீழாகிவிடும், LOW கொடுத்தால் ஃபேன் ஓடும். இதில் போர்டு பூட் ஆகும்போதும் ஃபேன் ஓடிக்கொண்டே இருக்கும். எதையாவது குளிரவைக்கும் ஃபேன் என்றால் எனக்கு இது பிடித்த குணம். வேகமான பி.டபிள்யூ.எம் வேண்டுமென்றால் TC4427 போன்ற கேட் டிரைவர் ஐ.சி போட்டுவிடுங்கள், 3.3 வோல்ட் சிக்னலை அது ஏற்றுக்கொள்ளும்.

கடைசியாக, வேகத்தைக் கட்டுப்படுத்தப் போகிறீர்களா என்று நீங்கள் சொல்லவில்லை. உங்களுடையது இரண்டு ஒயர் பிரஷ்லெஸ் ஃபேனாக இருந்தால், மேலே சொன்ன சர்க்யூட் சரியாகவே வேலை செய்தாலும் பி.டபிள்யூ.எம்முக்கு அந்த ஃபேன் எப்படி நடந்துகொள்ளும் என்பதை ஓட்டித்தான் பார்க்க வேண்டும். சில ஃபேன்கள் சில நூறு ஹெர்ட்ஸில் ஒழுங்காக வேகம் மாற்றும், ஆனால் ஒரு உறுமல் கேட்கும். உள்ளே கெப்பாசிட்டர் உள்ளவை 25 கிலோஹெர்ட்ஸில் பாதி டியூட்டிக்கும் வேகத்தைக் குறைக்காமல் ஓடும். மூன்று ஒயர் ஃபேன் என்றால், லோ-சைடில் தரையை வெட்டும்போது வேகத்தைச் சொல்லும் மஞ்சள் அல்லது வெள்ளை ஒயரின் சிக்னலும் சேர்ந்து வெட்டுப்படும், அதைப் படித்து ஆர்.பி.எம் கணக்கிட முடியாது. நான்கு ஒயர் கம்ப்யூட்டர் ஃபேன் கிடைத்தால் இந்தத் தலைவலி எதுவும் வேண்டாம். 12 வோல்ட்டை நேரடியாகக் கொடுத்துவிட்டு, நான்காவது ஒயரில் 25 கிலோஹெர்ட்ஸ் சிக்னல் கொடுங்கள். இன்டெல் வகுத்த முறைப்படி அந்த ஒயரைத் தரைக்கு இழுத்து விடுவதுதான் வேலை, ஓடுவது அதிகபட்சம் 5 மில்லிஆம்ப். அதற்கு ஒரு BC547 போதும். பவர் மாஸ்ஃபெட் அங்கே தேவைப்படுவது ஃபேனை முழுதாக அணைக்க வேண்டியிருந்தால் மட்டும்தான், ஏனென்றால் பூஜ்ய டியூட்டியிலும் சில ஃபேன்கள் மெதுவாகச் சுற்றிக்கொண்டே இருக்கும்.